புளிக்க மறுத்த பால்

சீஸ் துண்டுகள் அடுக்கிய பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பினால், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகுப்புப் பதப்பொருள் சேர்க்கப்பட்டுள்ளது என்று. சில பாக்கெட்டுகளில் அதன் பக்கத்தில் 234 என்ற எண் இருக்கும். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் நைசின். பாலைப் புளிக்க வைக்கும் ஒரு பாக்டீரியா, தன் அண்டை அயலில் மற்றவை வளராமல் இருக்கச் சுரக்கும் சின்னஞ்சிறு புரதம் அது. இப்படி பாக்டீரியாக்கள் பிற பாக்டீரியாக்களுக்கு எதிராகச் சுரக்கும் புரதங்களுக்கு பாக்டீரியோசின் என்று பெயர். நூற்றுக்கணக்கில் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் உலகெங்கும் உணவுச் சட்டங்களில் தன் பெயரிலேயே இடம் பிடித்து, தூளாக எடைபோட்டுச் சேர்க்கப்படுவது என்றால் முதலில் நைசின்தான். ஏன் மற்றவற்றுக்கு அது வாய்க்கவில்லை, நைசினுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று தேடிப் போனால், கதை ஒரு தொழிற்சாலைத் தலைவலியில் போய் நிற்கிறது.

1930களின் தொடக்கம், நியூசிலாந்து. செடார் சீஸ் செய்து கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவது அந்த நாட்டின் பெரும் பிழைப்புகளில் ஒன்று. சீஸ் செய்ய முதலில் பாலுக்கு உறை ஊற்ற வேண்டும். நம் வீட்டில் மோர் ஊற்றுவதைப்போல, அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த லாக்டிக் பாக்டீரியாவைத் தொட்டியில் கலப்பார்கள். இத்தனை மணிக்கு இவ்வளவு புளிப்பு ஏற வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு சில நாள் தப்பியது. உறை நல்ல உறை, வெப்பம் சரியான வெப்பம். ஆனாலும் பால் புளிக்க மறுத்தது. பாமர்ஸ்டன் நார்த் நகரப் பால்வள ஆய்வு நிலையத்தில் இருந்த ஹியூ வைட்ஹெட் இதைத் துருவினார். பண்ணையிலிருந்து வந்த பாலிலேயே வேறொரு லாக்டிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடியிருந்ததையும், அது விட்ட ஏதோ ஒரு பொருள் உறையின் வளர்ச்சியைத் தடுத்ததையும் அவர் 1933இல் எழுதினார். அந்தப் பொருள் புரதத் தன்மை கொண்டது என்பதையும் கண்டார். இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1928இல், அமெரிக்க வேளாண் துறையின் ரோஜர்ஸ், ஒரு லாக்டிக் பாக்டீரியா இன்னொன்றை முடக்குவதைக் குறித்து வைத்திருந்தார். ஆக, நைசின் முதலில் அறிமுகமானது சீஸைக் கெடுத்த எதிரியாகத்தான்.

அதை நண்பனாக்க நினைத்தவர்கள் இங்கிலாந்தின் ரெடிங் அருகே இருந்த தேசியப் பால்வள ஆய்வு நிறுவனத்தின் மேட்டிக்கும் ஹிர்ஷும். 1940களில் அதைச் செறிவாக்கி எடுத்தார்கள். அந்த பாக்டீரியாக்கள் அப்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ‘என்’ குழுவில் வைக்கப்பட்டிருந்தன. ‘குரூப் என் இன்ஹிபிட்டரி சப்ஸ்டன்ஸ்’ என்பதன் முதலெழுத்துகளோடு, பென்சிலின் போன்ற பெயர்களின் வாலை ஒட்டி நைசின் என்றார்கள். அந்த வால் அவர்களுடைய ஆசையைச் சொல்கிறது. பென்சிலின் உலகை வியக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. தங்கள் கையில் இருப்பதும் ஒரு மருந்தாகும் என்று நம்பினார்கள். பசுக்களின் மடிவீக்க நோய்க்கு அதைச் செலுத்திப் பார்த்தார்கள்.

மருந்தாக அது எடுபடவில்லை. காரணம் அதன் இயல்பிலேயே இருந்தது. நைசின் புளிப்பில்தான் நன்றாகக் கரையும், புளிப்பில்தான் நிலைத்து நிற்கும். இரத்தமோ நடுநிலையிலிருந்து சற்றே காரப்பக்கம் சாய்ந்தது; அங்கே கரைவது குறைவு, சிதைவது வேகம். வாய்வழி கொடுத்தால் கணைய நொதிகள் அதைச் சாதாரணப் புரதம்போல் வெட்டிவிடும். மருத்துவனுக்கு இவை குறைகள். உணவில் சேர்ப்பவனுக்கோ இவையே வேண்டிய குணங்கள். புளிப்பான உணவில் நிலைக்கும், கொதிக்க வைத்தாலும் தாங்கும், வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் செரிந்துவிடும், அதோடு மருத்துவமனையில் உயிர்காக்கும் ஆன்டிபயாட்டிக்காகவும் பயன்படாத ஒன்று. மருந்துக் கடையில் தோற்றதால்தான் நைசின் சமையலறைக்கு வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1951இல் ஹிர்ஷ் குழுவினர் சுவிஸ் வகை சீஸில் அதைச் சோதித்தார்கள். இந்தச் சீஸுக்கு ஒரு பழைய நோய் உண்டு. மாடு தின்னும் பதனத் தீவனத்திலிருந்து சாணம் வழியாகவும் தூசி வழியாகவும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பாலுக்கு வந்துவிடுகின்றன. வித்து என்பது, பாக்டீரியா கெட்ட காலத்தைக் கழிக்க எடுக்கும் உறங்கு நிலை. தடித்த மேலுறைக்குள் நீர் வற்றிக் கிடக்கும். பாலைக் காய்ச்சும் சூட்டில் அது சாகாது. காற்றில்லாத சீஸின் நடுவில் வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு முளைக்கும். முளைத்ததும் பாலின் புளிப்பையே, லாக்டிக் அமிலத்தையே, தின்று பியூட்டிரிக் அமிலமாகவும், கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜனாகவும் மாற்றும். சீஸ் வட்டு உள்ளிருந்து ஊதி வெடிக்கும். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் அடிக்கும். நைசின் சுரக்கும் பாக்டீரியாவையே உறையாகச் சேர்த்தபோது இந்த ஊதல் அடங்கியது.

ஆனால் அங்கேயே முட்டுக்கட்டையும் வந்தது. நைசின் கிளாஸ்டிரிடியத்தை மட்டும் பார்த்துத் தாக்காது. சீஸுக்கு உருவும் சுவையும் தர வேண்டிய உறை பாக்டீரியாக்களும் அதே கிராம் பாசிட்டிவ் இனத்தைச் சேர்ந்தவை, அவையும் அடிபட்டன. நைசின் சுரப்பவையோ புளிப்பேற்றுவதில் மந்தமானவை. நியூசிலாந்துத் தொட்டியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. பாக்டீரியாக்கள் உயிரோடு வேலை செய்ய வேண்டிய உணவு நைசினுக்கு ஏற்ற இடமில்லை என்பது இதில் தெளிந்தது.

அப்படியானால் பாக்டீரியாவின் வேலை முடிந்துவிட்ட சீஸ் எது? உருக்கிய சீஸ். முதிர்ந்த சீஸை அரைத்து, சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகளோடு கலந்து, 85 முதல் 105 டிகிரி வரை சூடாக்கி உருக்கி, சுடச்சுடப் பாக்கெட்டில் ஊற்றுவதுதான் அது. இந்தியக் கடைகளில் துண்டாகவும் கட்டியாகவும் கிடைப்பதில் பெரும்பகுதி இதுவே. அந்தச் சூட்டில் உயிருள்ள பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துவிடும். வித்துகள் மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஒருவரும் இல்லை, காற்றில்லை, ஈரம் உண்டு, புளிப்பும் மிதமாகத்தான் இருக்கிறது. சூடு அவற்றைக் கொல்லாததோடு, உறக்கத்திலிருந்தும் தட்டி எழுப்புகிறது. கிளாஸ்டிரிடியத்துக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. 1952இல் உருக்கிய சீஸில் நைசினைப் பரிசோதித்து நல்ல பலன் கண்டார்கள். அந்தப் பத்தாண்டிலேயே ஆப்லின் அண்ட் பேரட் என்ற ஆங்கில நிறுவனம் ‘நைசாப்லின்’ என்ற பெயரில் தூளாக விற்கத் தொடங்கியது.

இனி, அந்தத் தூள் வித்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம். உறங்கும் வித்தை நைசின் கொல்வதில்லை. வித்து முளைக்கத் தொடங்கி, மேலுறையைக் கழற்றி, நீரை உறிஞ்சி, புதிய செல் சுவர் கட்ட ஆரம்பிக்கும் அந்த நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. செல் சுவருக்கான செங்கற்கள் உள்ளே தயாராகி, லிப்பிட்-2 என்ற சுமைகூலியின் தோளேறி, சவ்வைக் கடந்து வெளியே வருகின்றன. நைசினுக்கு 34 அமினோ அமிலங்கள். அது நீட்டிய இழையாக இல்லாமல் ஐந்து வளையங்களாகப் பின்னிக் கிடக்கிறது. முதல் இரண்டு வளையங்கள் லிப்பிட்-2இன் பாஸ்பேட் பகுதியைக் கூண்டுபோல் பொத்திப் பிடித்துக்கொள்கின்றன. சுமைகூலி பிடிபட்டதும் சுவர் வேலை நிற்கிறது. அதோடு விடுவதில்லை. நைசினின் வால் சவ்வுக்குள் மடங்கி இறங்குகிறது. எட்டு நைசினும் நான்கு லிப்பிட்-2உம் சேர்ந்து ஓர் ஓட்டையாகின்றன. உள்ளிருக்கும் சத்தும் மின்னூட்டமும் ஒழுகி, செல் செத்துப்போகிறது. சவ்வை மட்டும் ஓட்டையிடும் புரதங்களுக்கு அதிக அளவு தேவை. நைசின் கொக்கி மாட்ட ஓர் இடத்தைத் தெரிந்து வைத்திருப்பதால் மிகச் சொற்ப அளவே போதுமானதாகிறது.

சூட்டில் அடிபட்ட வித்து, அடிபடாததைவிட நைசினுக்கு எளிதில் பணியும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘இயற்கைப் பதப்பொருள்’ என்ற சொல்லைக் கேட்டதும், காய்ச்சுவதற்குப் பதிலாக இதைப் போட்டால் போதும் என்ற நினைப்பு பலருக்கு வந்துவிடுகிறது. நைசின் சூட்டுக்கு மாற்று இல்லை. சூடு பாதியில் விட்ட வேலையை அது முடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

அளவுக்கு வருவோம். கடையில் விற்கும் தூளில் நைசின் வெறும் 2.5 சதவீதம், மீதியில் பெரும்பங்கு உப்பும் பால் திடப்பொருளும். நூறு கிலோ உருக்கிய சீஸ் செய்கிற ஒருவர், கிலோவுக்கு 8 மில்லிகிராம் நைசின் வேண்டும் என்று முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 800 மில்லிகிராம் நைசின்; தூளாகப் போட வேண்டியது 32 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. அதை அப்படியே தூவினால் சீராகக் கலக்காது; கொஞ்சம் நீரில் கலக்கி, உருக்கும் உப்புகளோடு சேர்த்து ஊற்றுவதே சரி. உருக்கும் சூட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழியும். பாக்கெட்டை ஒட்டும்போது கிலோவுக்கு 6.4 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உருக்கிய சீஸுக்கான உச்ச வரம்பு கிலோவுக்கு 12.5 மில்லிகிராம் என்பதால் சட்டப்படி சிக்கல் இல்லை.

சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. நைசின் பாக்கெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. நாளாக ஆகக் குறைகிறது, அதுவும் வெப்பத்தில் வேகமாக. குளிர்பதனத்தில் மாதக்கணக்கில் பெரும்பகுதி நிற்கும். 30 டிகிரியில் முப்பது வாரம் வைத்தால் பாதிக்கும் மேல் போய்விடும். நம் கணக்கில் 6.4 என்பது 3.2க்கும் கீழே இறங்கும். ஆரம்பத்தில் வித்துகள் குறைவாக இருந்திருந்தால் அதுவும் தாங்கும். மழைக்காலத்தில், சேறு படிந்த மடியிலிருந்து கறந்த பாலில் செய்த சீஸ் மூலப்பொருளாக வந்திருந்தால் தாங்காது. துண்டு ஊதும், அதில் குமிழ்த் துளைகள் தெரியும், பியூட்டிரிக் நாற்றம் வரும். அப்போது தொழிற்சாலையில் முதலில் எழும் யோசனை தூளைக் கூட்டலாம் என்பது. முதலில் பார்க்க வேண்டியது மூலப்பொருளின் வித்து எண்ணிக்கையையும் கிடங்கின் வெப்பமானியையும்.

ஊதுவதும் நாறுவதும் பண நஷ்டம். அதைவிடக் கொடியது கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம். அதன் நஞ்சு நரம்பை முடக்கிக் கொல்லும். மூக்கையோ கண்ணையோ அது எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உப்பையும் பாஸ்பேட்டையும் குறைத்து, ஈரத்தைக் கூட்டி, தடவுகிற சீஸ் செய்யத் தொடங்கியபோது இந்த அச்சம் பெரிதாயிற்று. 1987இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சோமர்ஸும் டெய்லரும் அத்தகைய சீஸில் பாட்டுலினம் வித்துகளை வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். நஞ்சு உண்டாகாமல் தடுக்க, ஊதலைத் தடுப்பதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு நைசின் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சீஸ் தடவலுக்கு நைசினை அனுமதித்தபோது கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வரம்பு வைத்ததன் காரணம் இது. ஒரே பொருளுக்கு ஒரு நாட்டில் 12.5, இன்னொரு நாட்டில் 250 என்றால் யாரோ ஒருவர் அலட்சியமாக இருக்கிறார் என்று தோன்றும். ஒருவர் ஊதலைக் கணக்கில் எடுத்தார், மற்றவர் நஞ்சைக் கணக்கில் எடுத்தார்.

உண்பவருக்கு எவ்வளவு வரை தீங்கில்லை? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12.5 மில்லிகிராம் வரம்பில் உள்ள சீஸை மட்டும் தின்று அதை எட்ட வேண்டுமானால், ஒரு நாளில் 4.8 கிலோ தின்ன வேண்டும். அதற்கு வெகு முன்பே உப்பும் கொழுப்பும் அவரைப் படுக்க வைத்துவிடும்.

நைசினால் முடியாதவற்றின் பட்டியல் நீளம். அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, நைசினுக்கு அடங்காத உயிரிகள். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கிறது. நைசின் அதைக் கடந்து லிப்பிட்-2ஐத் தொட முடியாது. பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் லிப்பிட்-2 கிடையாது. அவை நைசினைக் கண்டுகொள்வதே இல்லை. பாக்கெட்டைப் பிரித்து அரைகுறையாக மூடி வைத்த சீஸில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்தால், பதப்பொருள் போடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பொருளில்லை. அது அதன் வேலை அல்ல.

இரண்டாவது, பச்சை இறைச்சி. இறைச்சியில் லிஸ்டீரியாவும் கிளாஸ்டிரிடியமும் தொல்லை தருவதால் நைசின் அங்கே கைகொடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். சோதனைக்குழாயில் அருமையாக வேலை செய்தது, இறைச்சியில் சேர்த்ததும் மங்கியது. கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிக்கச் சற்றுக் காலம் பிடித்தது: பச்சைத் தசையில் குளூட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறு இருக்கிறது, தசையின் நொதி அதை நைசினோடு ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் நைசின் செயலற்றுப்போகிறது. வேகவைத்த இறைச்சியில் அந்த நொதி அழிந்துவிடுவதால் நைசின் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சோதனைக்குழாய் முடிவை வைத்துக்கொண்டு எந்த உணவுக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, பாக்கெட்டில் நைசின் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது? பழைய, இன்றும் நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. சீஸை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலக்கிக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தப் புளிப்புக் கொதியில் நைசின் தப்பும். ஆற வைத்து வடிகட்டி, மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்ற, நைசினுக்கு எளிதில் மடியும் மஞ்சள் பாக்டீரியா கலந்த அகார் தட்டில் குழி போட்டு ஊற்றுகிறார்கள். மறுநாள் தட்டு முழுக்க பாக்டீரியா படர்ந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். அளவு தெரிந்த நைசின் கரைசல்கள் தந்த வளையங்களோடு அதன் விட்டத்தை ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். வளையம் நைசினால்தான் வந்ததா, வேறெதனாலாவது வந்ததா என்ற ஐயத்தையும் தீர்க்க வேண்டும். அதே வடிநீரில் ஒரு பங்கை நன்றாகக் காரமாக்கிச் சூடேற்றினால் நைசின் அழிந்துவிடும். அந்தப் பங்கு வளையம் தராமல் போனால் முதல் வளையம் நைசினுடையதுதான்.

இந்த நேர்மை பாக்டீரியோசின் ஆராய்ச்சி முழுமைக்கும் தேவை. தயிரிலிருந்தும் இட்லி மாவிலிருந்தும் லாக்டிக் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, தட்டில் வளையம் கண்டதும் ‘நம் பாரம்பரிய உணவில் இயற்கைப் பதப்பொருள்’ என்று அறிவிப்பது எளிது. அந்த வளையத்தில் பெரும்பங்கு வெறும் புளிப்பின் வேலையாக இருக்கலாம். எனவே முதலில் காரம் சேர்த்துப் புளிப்பைச் சமன் செய்ய வேண்டும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு காரணமா என்று பார்க்க, அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்குப் பிறகும் வளையம் நின்று, புரதத்தை வெட்டும் நொதி சேர்த்ததும் மறைந்தால்தான் அது பாக்டீரியோசின். மாவு மறுநாள் கெடாமல் இருப்பதற்கு முதன்மைக் காரணம் புளிப்புத்தான். அந்தப் புகழை அமிலத்திடமிருந்து பறித்து பாக்டீரியோசினுக்குக் கொடுப்பது அறிவியல் அல்ல.

உண்மையான பாக்டீரியோசின் சுரப்பவை இல்லாமலும் இல்லை. பீடியோகாக்கஸ் சுரக்கும் பீடியோசின், நைசினைவிட நேர்த்தியாக லிஸ்டீரியாவைக் குறிவைக்கும். லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரும், கர்ப்பிணிகளின் கருவைக் கலைக்கும் என்பதால் அதை அடக்கும் எதற்கும் மதிப்பு உண்டு. பீடியோசினின் கதவு வேறு: சர்க்கரையை உள்ளே இழுக்கும் ஒரு சவ்வுப் புரதத்தைப் பற்றிக்கொண்டு ஓட்டையிடுகிறது. அந்தப் புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்ட லிஸ்டீரியா தப்பிவிடுகிறது. அப்படித் தப்பியவை சோதனைச்சாலையில் எளிதில் தோன்றுகின்றன. நைசினின் கொக்கி மாட்டும் லிப்பிட்-2ஐ ஒரு பாக்டீரியா அவ்வளவு எளிதில் கைவிட முடியாது. அது இல்லாமல் சுவர் கட்ட வழியில்லை. நைசினையும் சில பாக்டீரியாக்கள் எதிர்க்கின்றன, மேற்பரப்பின் மின்னூட்டத்தை மாற்றியோ நைசினை வெட்டும் நொதியைச் சுரந்தோ. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருந்தும் அது சீஸில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பீடியோசின் தூளாக, தன் பெயரில் வருவதில்லை. அதைச் சுரக்கும் பாக்டீரியாவைப் பாலிலோ சர்க்கரைக் கரைசலிலோ வளர்த்து, அந்தக் கரைசலை மொத்தமாக உலர்த்திப் பொடியாக்கி உணவில் சேர்க்கிறார்கள். சீட்டில் ‘நொதித்த பால் திடப்பொருள்’ என்பதுபோல் ஏதோ ஒன்று எழுதினால் போதும்; பதப்பொருள் என்ற சொல்லே தேவைப்படாது. இது எனக்கு உறுத்துகிறது. நைசினைத் தூய்மைப்படுத்தி, அளவு சொல்லி, வரம்பு வைத்து, 234 என்று எண்ணும் போட்டு விற்கிறவருக்கு இந்தியச் சட்டம் பென்சோயேட்டும் சல்பைட்டும் இருக்கும் இரண்டாம் வகுப்பில் இடம் கொடுத்திருக்கிறது. அளவே சொல்லாமல் நொதித்த பொடியாகச் சேர்ப்பவர் ‘பதப்பொருள் இல்லை’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ள முடிகிறது. இரண்டிலும் வேலை செய்வது பாக்டீரியோசின்தான். முதலாமவர் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்று மைக்ரோகாக்கஸ் தட்டில் அளந்து சொல்லிவிடலாம். இரண்டாமவரிடம் எதை அளப்பது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.